வலைக்கு மிதவை வேறு, ஈயம் வேறு



ஆரம்பாக்கம் எல்லை ஊர். வடக்கே நாலு எட்டு வைத்தால் ஆந்திரத்துத் தடா, தெற்கே கும்மிடிப்பூண்டி, கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்த அவையில் வலை கட்டத் தெரியாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒரு வலையை விரித்துப் பாருங்கள். மேல் கயிற்றில் மிதவை. கீழ்க் கயிற்றில் ஈயக்குண்டு. மிதவை வலையைத் தூக்கிப் பிடிக்கிறது, ஈயம் அதைக் கீழே இழுத்து நிறுத்துகிறது. "இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த புதுச் சரக்கு வந்திருக்கிறது, இதுவே மிதக்கும், இதுவே முங்கும்" என்று ஒருவன் கடையில் சொன்னால் ஏரிக்காரன் வாங்குவானா? சிரித்துவிட்டுப் போவான்.

ஆனால் அதே ஏரிக்காரன் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தால், அப்படிப்பட்ட சரக்கு ஒன்று பாலிதீன் உறையில் பத்திரமாக இருக்கிறது. "இது இன்சூரன்ஸும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு" என்று சொல்லி விற்கப்பட்ட பாலிசி. இன்றைய பேச்சு அந்தப் பெட்டியைப் பற்றியது. உயிருக்கு மட்டும் காப்பு தரும் டேர்ம் பாலிசி ஒரு பக்கம். காப்பையும் பங்குச்சந்தை முதலீட்டையும் ஒரே பிரீமியத்தில் பிசைந்து தரும் யூலிப் மறுபக்கம். இந்த இரண்டில் மீனவக் குடும்பத்துக்கு எது பொருந்தும், ஏன் பொருந்தும்?

யூலிப் நேற்று வந்த சரக்கு அல்ல. யூனிட் டிரஸ்ட் 1971இலேயே அந்தப் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது ஊர் ஊராக நுழைந்தது, 2000இல் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வந்த பிறகுதான். அதன் உள்ளமைப்பு எளிது. கட்டும் பிரீமியத்திலிருந்து கம்பெனி முதலில் சில கட்டணங்களைக் கழித்துக்கொள்ளும். மீதியில் சந்தையில் யூனிட் வாங்கும். உயிர்க்காப்புக்கான கட்டணத்தை அந்த யூனிட்டுகளை விற்று மாதாமாதம் எடுத்துக்கொள்ளும். நிதியை நிர்வகிக்க ஆண்டுக்கு ஒரு சதவீதக் கணக்கில் தனிக் கட்டணம். கட்டியவர் கண்ணுக்குத் தெரிவதோ ஒரே ஒரு ரசீதுதான்.

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. சில திட்டங்களில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 40 சதவீதம் வரை கட்டணமாகவே போனது. பத்தாயிரம் கட்டினால் நாலாயிரம் அன்றே காலி. யார் கேட்டார்கள்? "மூணு வருஷம் கட்டினாப் போதும், அப்புறம் அதுவே வளரும்" என்பதே அன்றைய விற்பனை வாக்கு. அப்போது மூன்று ஆண்டுதான் பூட்டுக்காலம், அதனால் அந்த வாக்கு காதுக்கு இனிமையாக இருந்தது. 2008 ஜனவரியில் 20,000க்கு மேல் இருந்த சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 9,000க்குக் கீழே விழுந்தது. மூன்று ஆண்டு கட்டி முடித்துப் பணம் கேட்டுப் போனவர்களில் பலருக்கு, கட்டியதே முழுதாக இல்லை என்ற பதில் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. இது இன்சூரன்ஸா, முதலீடா? இந்தக் கேள்விக்கு அரசின் இரண்டு அமைப்புகளே இரண்டு பதில் சொல்லின. 2010 ஏப்ரல் 9 அன்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 14 இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆணை போட்டது: இது முதலீட்டுத் திட்டம், எங்கள் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. இன்சூரன்ஸைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ. "இது இன்சூரன்ஸ், எங்கள் எல்லை" என்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் ஜூன் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு யூலிப்பை ஐ.ஆர்.டி.ஏ.யிடம் ஒப்படைத்தது. கண்காணிக்கும் அதிகாரிகளுக்கே இது மீனா கருவாடா என்று தெரியவில்லை என்றால், கையெழுத்துப் போடும் மனிதருக்கு எப்படித் தெரியும்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2010 செப்டம்பர் 1 முதல் விதிகள் இறுகின. பூட்டுக்காலம் ஐந்து ஆண்டானது. பத்தாண்டுக்கு மேற்பட்ட திட்டங்களில் கட்டணங்களால் வருமானம் ஆண்டுக்கு 2.25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று வரம்பு வந்தது. அதனால் இன்றைய யூலிப் அன்றைய யூலிப் அல்ல. 40 சதவீதக் கொள்ளைக் கதையை இன்றும் சொல்லிக்கொண்டு திரிவது சரியல்ல. 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்னொன்றும் சொன்னது: யூலிப்பை முதலீட்டுத் திட்டம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. கட்டணம் குறைந்தது, விளம்பரம் திருந்தியது. அப்படியென்றால் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. கட்டணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், இரண்டு வேலையை ஒரே கயிற்றில் கட்டியதால் வரும் சிக்கல் அப்படியே இருக்கிறது. அதைக் காண ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தக் குப்பங்களில் எவராகவும் இருக்கலாம். வயது 32. மனைவி, இரண்டு பிள்ளைகள். பைபர் படகும் இன்ஜினும் வாங்கியதில் மூன்று லட்சம் கடன் நிற்கிறது. வீட்டுச் செலவு மாதம் 12,000. ஐப்பசி, கார்த்திகையில் இறால் ஓடும்போது கையில் காசு புரளும். கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி உப்பேறும்போது வலையில் பாசிதான் வரும். பழவேற்காட்டுப் பக்கத்தில் பாடு முறை உண்டல்லவா? எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். தன் முறை வந்த நாளில் மீன் ஓடாவிட்டால், அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சம்பளக்காரருக்கு முதல் தேதி உண்டு, இவருக்கு இல்லை.

இவர் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று முடிவு செய்கிறார். ஏஜென்ட் யூலிப்பை நீட்டுகிறார். காப்புத் தொகை எவ்வளவு? வரிச்சலுகைக்காகப் பெரும்பாலான யூலிப்களில் ஆண்டுப் பிரீமியத்தைப்போல் பத்து மடங்கு வைப்பார்கள். ஆக 2,40,000 ரூபாய்.

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்! அவர் நாளைக்கே திரும்பி வராவிட்டால் படகுக் கடனைக்கூட அது அடைக்காது. மனைவி கையில் ஒரு பைசா மிஞ்சாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். மத்திய அரசின் ஜீவன் ஜோதி காப்பீடு என்று ஒன்று வங்கியில் இருக்கிறது. 2015இல் வந்தது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிப்பார்கள். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், காப்பு 55 வயதுவரை ஓடும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் 30 நாள் மட்டும் விபத்து மரணத்துக்கே பணம் கிடைக்கும். இதுவும் ஒரு டேர்ம் பாலிசிதான், சின்ன டேர்ம் பாலிசி. ஆக, யூலிப்பின் 24,000 ரூபாய் தரும் காப்பில் பெரும்பகுதியை இது 436 ரூபாய்க்குத் தருகிறது.

"மிச்சப் பணம் முதலீடாக வளருமே!" என்பார் ஏஜென்ட். வளரட்டும். இரண்டு பக்கமும் ஒரே சந்தை, ஒரே வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9 சதவீதம், 20 ஆண்டு. இது ஊகம்தான், சந்தை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. யூலிப்பில் கட்டணம் உச்ச வரம்பான 2.25 சதவீதத்தைத் தின்றால் மிஞ்சுவது 6.75. வருஷம் 24,000 கட்டினால் இருபதாம் ஆண்டு முடிவில் சுமார் 10.2 லட்சம். அதே மனிதர் 436 ரூபாயைக் காப்புக்குக் கொடுத்துவிட்டு, மீதி 23,564 ரூபாயை அரை சதவீதக் கட்டணமுள்ள ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால்? சுமார் 12.4 லட்சம். ஏறத்தாழ அதே காப்பு, இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். கட்டணம் குறைந்த யூலிப்பாக இருந்தால் வித்தியாசம் சுருங்கும். அப்போதும் காப்பு 2,40,000தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். அவர் ஆறு ஆண்டு கட்டி, ஆறாம் ஆண்டின் முடிவில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். கட்டியது 1,44,000. நிதியில் சுமார் 1,82,000 சேர்ந்திருக்கும். குடும்பத்துக்குக் கிடைப்பது எவ்வளவு? வழக்கமான யூலிப்பில் காப்புத் தொகை, நிதி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அது. அதாவது 2,40,000. அதில் 1,82,000 அவர் சேர்த்த சொந்தப் பணம். கம்பெனி தன் கையிலிருந்து போட்டது 58,000 ரூபாய். நிதி வளர வளர கம்பெனி தாங்கும் பங்கு தேய்ந்துகொண்டே போகும். நிதியையும் காப்பையும் சேர்த்தே தரும் யூலிப் வகையும் உண்டு, ஆனால் அதில் உயிர்க்காப்புக் கட்டணம் கூடுதலாக யூனிட்டைத் தின்னும்.

அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு காப்பு வேண்டும்? மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. வங்கியில் 20 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் 1,40,000 வரும். படகுக் கடனுக்கு மூன்று லட்சம், பிள்ளைகள் படிப்பைத் தொடர இரண்டு லட்சம். மொத்தம் 25 லட்சம். விலைவாசி ஏறும்போது இதுவும் போதாதுதான், ஆனாலும் 2,40,000 எங்கே, 25 லட்சம் எங்கே!

"மீனவனுக்கு யார் சார் 25 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி கொடுக்கிறார்கள்? சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், டிகிரி கேட்கிறார்கள்" என்ற குறை நியாயமானது. பெரிய தொகை டேர்ம் பாலிசிகளில் அந்தத் தடை உண்டு. இதற்காகவே 2021 ஜனவரி 1 முதல் சரல் ஜீவன் பீமா என்ற ஒரே மாதிரியான டேர்ம் பாலிசியை எல்லா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்தது. 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை எடுக்கலாம். என்ன தொழில், என்ன படிப்பு, எந்த ஊர் என்று பார்த்து மறுக்கக் கூடாது என்பது அதன் விதி. கடல் தொழில் என்பதற்காகவோ உடல்நிலைக்காகவோ பிரீமியம் கூடலாம், கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டுமே காப்பு. முதிர்வுத் தொகை கிடையாது.

கடைசியாகச் சொன்னதில்தான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். "உயிரோடு இருந்தால் ஒன்றுமே திரும்பி வராதா?" வராது. நம் ஆளுக்குப் பிரீமியம் ஆண்டுக்கு 9,000 என்று வைப்போம். இருபது வருஷத்தில் 1,80,000 போய்விடும். மீதி 15,000த்தை முன்சொன்ன அதே ஃபண்டில் போட்டால் இருபது ஆண்டில் சுமார் 7.9 லட்சம் வரும். யூலிப்பில் 10.2 லட்சம் வந்ததே!

ஆமாம், வந்தது. இதை மறைக்கக் கூடாது. டேர்ம் பாலிசிக்காரர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். மனிதர் இருபது ஆண்டும் நலமாக இருந்து, ஒரு தவணை விடாமல் கட்டிவிட்டால், இந்தக் கணக்கில் யூலிப்தான் அதிகப் பணம் தரும். அந்த 2.3 லட்சம் வித்தியாசம்தான், 2,40,000க்குப் பதிலாக 25 லட்சம் காப்போடு இருபது வருஷம் தண்ணீரில் இறங்கியதற்கான விலை. அந்த விலை கொடுக்கத் தகுமா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். பிரித்து வைத்தால் அந்த விலை கண்ணுக்குத் தெரிகிறது. பிசைந்து வைத்தால் எதற்கு எவ்வளவு போகிறது என்பதே தெரியாமல் போகிறது.

ஆனால் "ஒரு தவணை விடாமல்" என்று சொன்னோமே, ஏரிக்கரையில் அது நடக்கிற காரியமா?

நம் ஆளுக்கு மூன்றாம் ஆண்டில் பருவம் பொய்க்கிறது. இன்ஜின் வேறு பழுது. 24,000 புரட்ட முடியவில்லை. யூலிப்பில் என்ன ஆகும்? ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம். அதுவும் கடந்தால் உயிர்க்காப்பு நின்றுவிடும். நிதியிலிருந்து ஒரு கட்டணம் கழிப்பார்கள். இந்த அளவுப் பிரீமியத்துக்கு அது முதல் ஆண்டில்கூட 3,000 ரூபாயைத் தாண்டாது, ஆண்டு போகப் போகக் குறையும், ஆகவே பெரிய அடி அதுவல்ல. மீதிப் பணம் நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கான தனி நிதிக்குப் போகும். அங்கே குறைந்தது 4 சதவீதம் வட்டி உண்டு. கைக்கு எப்போது வரும்? பாலிசி தொடங்கி ஐந்து ஆண்டு முடிந்த பிறகுதான்.

நிலைமையைப் பாருங்கள். பணம் மிகவும் தேவைப்படும் ஆண்டில் பணம் பூட்டுக்குள் கிடக்கிறது. குடும்பம் மிகவும் பலவீனமாக இருக்கும் ஆண்டில் காப்பும் இல்லை. ஒரு கெட்ட பருவம் மிதவையையும் அறுத்தது, ஈயத்தையும் அறுத்தது. மூன்று ஆண்டுக்குள் பாக்கி கட்டிப் புதுப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உடல்நிலையை மறுபடி விசாரிக்கலாம், இடையில் உயிர் போனால் காப்பும் இல்லை.

பிரித்து வைத்தவருக்கு அதே ஆண்டு எப்படிப் போகிறது? முதலீட்டை நிறுத்துகிறார். யாரும் அபராதம் கேட்பதில்லை. தேவைப்பட்டால் ஃபண்டிலிருந்து இரண்டாண்டுச் சேமிப்பை எடுத்து இன்ஜினைப் பார்க்கிறார். சந்தை அப்போது கீழே கிடந்தால் நஷ்டத்தில் எடுக்க வேண்டி வரும், உண்மைதான். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியே வைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் 9,000 ரூபாயை மட்டும் எப்படியாவது கட்டிவிடுகிறார். காது கம்மலை வைத்தாவது 9,000 புரட்டலாம், 24,000 புரட்டுவது வேறு விஷயம். 25 லட்சம் காப்பு அப்படியே நிற்கிறது. பருவம் திரும்பியதும் முதலீட்டைத் திரும்பத் தொடங்குகிறார்.

இப்படிப் பாலிசி பாதியில் நிற்பதன் பாதிப்பு நாடு முழுவதும் எவ்வளவு? மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, 2004-05க்கும் 2011-12க்கும் இடையில் பாலிசிகள் பாதியில் நின்றதால் மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி, சந்தை விழுந்ததால் போனது அல்ல. தவணை நின்றதால் போனது.

தவணை என்பது கடலோரக் குடும்பங்களுக்கு இன்னொரு விதத்திலும் உயிர்ப் பிரச்சினை. நிலத்தில் இறப்பவருக்கு உடல் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. தண்ணீரில் போனவர் கிடைக்காவிட்டால்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் கரை திரும்பவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. நம் சாட்சியச் சட்டப்படி, இருந்திருந்தால் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டு ஒரு தகவலும் இல்லை என்றால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம். அந்த ஏழு ஆண்டு பிரீமியத்தை யார் கட்டுவது?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா என்ற வழக்கு, தீர்ப்பு 2004இல். காணாமல் போனவரின் பாலிசிக்குப் பிரீமியம் கட்டாமல் விட்டுவிட்டு, ஏழு ஆண்டு கழித்து "அவர் போன அன்றே இறந்துவிட்டார்" என்று முழுத்தொகை கேட்க முடியாது என்றது நீதிமன்றம். ஏழு ஆண்டு கழிந்தால் இறந்தார் என்று கருதலாம், ஆனால் எந்த நாளில் இறந்தார் என்பதைக் கருதிக்கொள்ள முடியாது. அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் பாலிசியை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

கணவனைத் தேடி அலையும் பெண்ணுக்கு இது எவ்வளவு கொடுமை! சட்டம் அப்படி. ஆகவே படகு திரும்பாத அன்றே மீன்வளத்துறையிலும் கடலோரக் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் வேண்டும். கூடப் போனவர்கள் பிழைத்து வந்திருந்தால் அவர்கள் வாக்குமூலம் வேண்டும். படகு கவிழ்ந்ததற்குச் சாட்சி வலுவாக இருந்தால் இறந்த நாளை நிரூபிக்கும் வழி திறக்கும். அது இல்லாவிட்டால் பிரீமியம் தொடர வேண்டும். டேர்ம் பாலிசிக்கு ஏழு ஆண்டு என்றால் 63,000. யூலிப்புக்கு 1,68,000. எந்தத் தாயால் எதைக் கட்ட முடியும்?

இனி கையெழுத்துப் போடும் மேசைக்கு வருவோம். விண்ணப்பத்தை ஏஜென்ட்தான் நிரப்புகிறார், ஊர் வழக்கம் அது. தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதிவிடுவார், பிரீமியம் குறையட்டும், வேலை சுலபமாக முடியட்டும் என்று. பீடி உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" போட்டுவிடுவார். இரண்டு ஆண்டில் மரணம் நேர்ந்தால் கம்பெனி முதலில் திறந்து பார்ப்பது அந்த விண்ணப்பத்தைத்தான். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு கேடயம் தருகிறது: பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு கடந்துவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் பொய் தெரிந்தால் குடும்பம் வழக்குதான் நடத்த வேண்டும். மீன் பிடிக்கிறவர் மீன் பிடிக்கிறேன் என்றே எழுத வேண்டும், பீடி குடிக்கிறவர் குடிக்கிறேன் என்றே எழுத வேண்டும். பிரீமியம் கூடினால் கூடட்டும்.

கடன்காரர் விஷயமும் இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொழில் செய்வது இந்தக் கரையில் புதிதல்ல. வீட்டுக்காரர் இறந்து 25 லட்சம் வருகிறது என்று தெரிந்தால் யார் யார் வாசலில் வந்து நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு 1874ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். கல்யாணமான ஆண் தன் பெயரில் எடுக்கும் பாலிசியை அந்தச் சட்டத்தின் கீழ் மனைவி மக்கள் பெயருக்கு எழுதிவிட்டால், அந்தப் பணம் அவர்களுக்கான தனி நிதியாகிவிடும். கணவனின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிசி வாங்கும்போதே அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. செலவும் இல்லை. ஏஜென்ட் தானாகச் சொல்வது அபூர்வம், கேட்டு வாங்க வேண்டும்.

"ஏற்கெனவே யூலிப் எடுத்தாச்சே, என்ன செய்வது?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்க நினைப்பது முகத்தில் தெரிகிறது. அவசரப்பட்டு எதையும் நிறுத்த வேண்டாம். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம், சிறு கழிவு போகப் பணம் திரும்பும். நாள் கடந்துவிட்டதா? முதலில் டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்து, அந்த 45 நாளும் கடந்த பிறகே பழையதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்த யூலிப்பை மூடினால் வெளியேறும் கட்டணம் இல்லை. முடியப் போகும் தறுவாயில் இருந்தால் முடித்துவிட்டே வெளியே வரலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று உடம்பு மாறிவிட்டவருக்குப் புது டேர்ம் பாலிசி கிடைக்காமலோ விலை ஏறியோ போகலாம். அவருக்குப் பழைய யூலிப்பில் இருக்கும் சின்னக் காப்பும் சொத்துதான், அதை விட்டுவிடக் கூடாது.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதற்கு முன் டேர்ம் பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. பழைய விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் மறுபடி ஒருமுறை விசாரிக்கலாம்.

இன்றே 9,000 ரூபாய் புரட்ட முடியாதவர்களும் இந்த அவையில் உண்டு. அவர்கள் 436 ரூபாயிலிருந்து தொடங்கலாம். கூடவே விபத்துக்கான சுரக்ஷா காப்பீடு 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு இன்னொரு இரண்டு லட்சம். இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாய்.

ஆனால் இந்தத் திட்டங்களின் ஆண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. வங்கி பணத்தைப் பிடிப்பது மே மாதக் கடைசி வாரத்தில். அது எப்படிப்பட்ட நேரம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏரியிலோ தண்ணீர் வற்றிக் கிடக்கும் கோடை. கரையில் காசு இல்லாத வாரம் எது என்று தேடிப் பிடித்தாற்போல் அந்த வாரம். கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் வங்கி பிடிக்காது, காப்பு நின்றுவிடும், நின்றது பலருக்குத் தெரியவும் தெரியாது. மறுபடி சேர்ந்தால் அந்த 30 நாள் காத்திருப்பு திரும்பவும் ஆரம்பமாகும்.

ஆகவே மகளிர் குழுத் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். கார்த்திகையில் இறால் காசு வரும்போதே குழுக் கணக்கில் வீட்டுக்கு 456 ரூபாய் தனியே எடுத்து வைக்கலாம். மே 20ஆம் தேதி வாக்கில் அதை அவரவர் கணக்கில் கட்டிவிட்டு, ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்து, 436, 20 என்று இரண்டு வரியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விழவில்லை என்றால் அன்றே வங்கியில் கேட்க வேண்டும்.